பெயரை நோட்டீஸின் அடிவரியில் வைத்துப் பாருங்கள்

கேள்வி: சார், வேலூரில் அப்பா ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் என் பாட்டியுடையது. நான் இப்போது காட்பாடியில், சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாக டிஜிட்டல் பிரின்ட் கடை போடுகிறேன். வேலை தரமாக இருக்கும், சீக்கிரம் கிடைக்கும் என்று பெயரைப் பார்த்ததுமே தெரிய வேண்டும். லைட்னிங் குவாலிட்டி டிஜிட்டல் பிரின்ட்ஸ், ஒன் ஹவர் பிரின்ட்ஸ், விடியல் அச்சகம், பளிச் பிரின்ட்ஸ், இந்த நாலில் எது? அப்பா பாட்டி பெயரையே வைக்கச் சொல்கிறார், எனக்கு அது பழசாகத் தெரிகிறது. பலகைக்கு அடுத்த வாரம் ஆர்டர் கொடுக்கணும்.

பதில்:

தம்பி, நாலையும் வைக்க வேண்டாம். அப்பா சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு மீதிக்கு வேறொரு வழி பார்க்கலாம்.

மற்ற கடைக்காரர்களுக்குப் பெயர் என்றால் வாசலில் தொங்கும் பலகை. அச்சகத்துக்கு அப்படி இல்லை. உங்கள் பெயர் அதிகமாகப் படிக்கப்படப்போகும் இடம் நீங்கள் அடித்துக்கொடுக்கும் வேலையின் அடிவரி. லாங் பஜாரில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு பில் புக் தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் கூகுளில் தேட மாட்டார், கடைசி பில்லைத் திருப்பி அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து அந்த நம்பருக்குப் போன் போடுவார். கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான், நன்றாக இருக்கிறதே என்று தோன்றினால் கவரைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த வரி ஆறு பாயின்டில் இருக்கும், சில சமயம் ஐந்து. அங்கே பெயர் தெளிவாக விழுந்தால்தான் தரம் என்ற பேச்சே ஆரம்பிக்கும், ஏனென்றால் தன் பெயரையே தெளிவில்லாமல் அடித்த அச்சகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் முதல் வேலையாக உங்கள் நாலு பெயரையும், கூடவே பாட்டி பெயரையும், ஊர், தெரு, செல் நம்பரோடு சேர்த்து ஆறு பாயின்டில் கம்போஸ் பண்ணி, 1/8 டெம்மி நோட்டீஸின் அடியில் வையுங்கள். பிறகு உங்கள் கடையில் வரப்போகும் புது டிஜிட்டல் மெஷினில் எடுக்காதீர்கள், அதில் எல்லாமே அழகாகத்தான் வரும். அப்பாவின் சிங்கிள் கலர் மெஷினில், நோட்டீஸுக்குப் போடும் மெல்லிய மேப்லித்தோவில், வழக்கமாக ஓட்டும் மையோடு ஓட்டுங்கள். ஓடியதை ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், அந்த ஜெராக்ஸைச் செல்லில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அசல் வாழ்க்கையில் உங்கள் அடிவரி இந்த வழியாகத்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

லைட்னிங் குவாலிட்டி டிஜிட்டல் பிரின்ட்ஸ் என்பதை எண்ணிப் பாருங்கள், 19 எழுத்து, அதில் 8 புள்ளி. புள்ளிதான் தமிழ் அச்சில் முதலில் சாகும். மெல்லிய தாளில் மை கொஞ்சம் பரவும், பரவினால் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். பிளேட்டில் எக்ஸ்போஷர் கொஞ்சம் கூடினால் அதே புள்ளி காணாமலே போகும். கடைசியில் இருக்கும் ‘ன்ட்ஸ்’ மூன்றும் அடுத்தடுத்து புள்ளி வைத்த எழுத்துகள், அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு மாதிரி ஆகிவிடும். ‘லை’யில் இருக்கும் கொக்கியும் ‘ங்’கின் வளைவும் அடைத்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் மேல், இத்தனை நீளமான பெயரைப் போட்டால் ஊரும் நம்பரும் அதே வரியில் இடம் பிடிக்காது, இரண்டாவது வரிக்குப் போகும். நோட்டீஸ் கொடுத்தவர் அதைப் பார்த்து "என் விளம்பரத்துல உங்க விளம்பரம் பெருசா இருக்கே" என்பார், எடுத்துவிடச் சொல்வார். எடுத்த அன்றைக்கு உங்கள் பெயருக்கு அந்த ஆயிரம் நோட்டீஸும் வீண்.

எல்லா வேலையிலும் அப்படி எடுத்துவிடவும் முடியாது. தேர்தல் நேரத்தில் அடிக்கும் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருந்தாக வேண்டும், 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 127ஏ. வெளியிடுபவரிடம் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் மெஷினில் ஏற்ற வேண்டும், அடித்ததும் அந்த உறுதிமொழியும் ஒரு பிரதியும் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பாவுக்கு இது மனப்பாடமாகத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் உங்கள் மூன்றாவது பெயரின் கதை முடிகிறது. ராத்திரி கொடுத்தால் விடிவதற்குள் தயார் என்று நீங்கள் நினைத்த ‘விடியல்’ அழகான சொல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இன்றைக்கு அது ஒரு கட்சியின் மேடைப் பேச்சோடு ஒட்டிக்கிடக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் தன் வார்டு நோட்டீஸின் அடியில் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள ஏன் உங்களிடம் வர வேண்டும், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நம் பக்கத்துச் சின்ன அச்சகங்களுக்கு அந்த ஒரு மாதம் எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். உதயம், சூரியன், தாமரை, இலை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நிறத்திலும் கவனம் வேண்டும், பலகையில் கறுப்பு சிவப்பு சேர்ந்து வந்தாலே ஆட்கள் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

‘பளிச்’ நாலில் நல்ல பெயர். ஒரு நொடியில் மின்னுவதும் அதில் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது, மூன்றே எழுத்து. ஆனால் டிஜிட்டல் கடைக்கு உண்மையிலேயே அவசரமாக வரும் வேலை எது என்று யோசியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டி, காலையில் தெருவில் ஒட்டணும் என்று கேட்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படம் செல்லில் இருக்கும், பெயர்கள் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும், எழுதிக்கொண்டு வந்தவர் அழுதுகொண்டே நிற்பார். அந்த போஸ்டரின் அடியில் ‘பளிச் பிரின்ட்ஸ்’ என்று விழுந்தால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் உறுத்தும். மங்களம், சுபம், ஹேப்பி, ஜாலி என்று பெயர் வைத்தவர்களுக்கும் இதே சங்கடம். அச்சகத்தின் பெயர் கல்யாண வீட்டுக்கும் போக வேண்டும், சாவு வீட்டுக்கும் போக வேண்டும், இரண்டு இடத்திலும் உறுத்தாமல் கிடக்க வேண்டும். சாமி பெயர் வைப்பவர்கள் வேறு ஒன்றையும் யோசிக்க வேண்டும், நோட்டீஸ் காலடியில்தான் போய் விழுகிறது. நீங்கள் அந்தப் பக்கமே போகாதது நல்லது.

இப்போது ‘ஒன் ஹவர்’. சீக்கிரம் என்பதைப் பெயருக்குள்ளேயே மணிக்கணக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மனதுக்குள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று படுகிறது.

ஒருவர் வந்து நூறு விசிட்டிங் கார்டு கேட்கிறார். 12க்கு 18 தாளில் இருபது கார்டு உட்காரும், ஐந்து தாள் போதும், டோனர் சூட்டில் உருகிப் பிடித்துக் காய்ந்தே வெளியே வருகிறது, உடனே மேட் லேமினேஷன் போட்டு வெட்டலாம். மெஷின் வேலை என்று பார்த்தால் அரை மணி கூட இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்தது என்ன? பழைய கார்டின் போட்டோ. அல்லது எந்தக் காலத்திலோ பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல், உங்கள் சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். டிசைனர் உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும், அவர் பார்க்க வேண்டும், "இந்த நம்பரை மாத்துங்க, லோகோ கொஞ்சம் பெருசா" என்று வாட்ஸ்அப்பில் வரும், அப்புறம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும், தாள் இன்னும் மெஷினுக்குள் போயிருக்காது. ஆனால் அவருக்கு ஒரு மணி நேரம் என்பது அவர் கடைக்குள் கால் வைத்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, ஏனென்றால் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அடுத்து கல்லூரிப் பிள்ளைகள். வி.ஐ.டி. பக்கத்தில் கடை என்றால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தான் சீசன் வேலை. பக்கம் எடுப்பதும் ஸ்பைரல் போடுவதும் அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே முடியும். ஹார்ட் பைண்டிங் கேட்டால் பசை காய வேண்டும், பிரஸ்ஸில் ராத்திரி முழுக்க அழுத்தி வைக்காமல் கொடுத்தால் அட்டை வளைந்து நிற்கும், மூலை பிரியும், அதைப் பேராசிரியர் மேஜையில் வைக்கும் பையன் உங்களைத்தான் திட்டுவான். ஆஃப்செட் வேலை இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். ஆர்ட் பேப்பரில் நாலு கலர் ஓட்டினால் ஒரு பக்கம் காயாமல் மறுபக்கம் ஏற்ற முடியாது, ஏற்றினால் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் காய்வதற்கு இன்னும் நேரமாகும். பில் புக்கென்றால் நம்பரிங், பெர்ஃபரேஷன், தையல் என்று இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகை விஷயத்தில் நீங்களே அவசரப்படுத்தக் கூடாது, தாய்மாமன் பெயரின் இனிஷியல் தவறிப் போனால் 500 பத்திரிகையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான், ப்ரூஃபை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஒரு ராத்திரி வைத்துப் படிக்கச் சொல்வதுதான் நல்ல அச்சகத்தின் வழக்கம்.

ஆக, உங்கள் கடைக்கு வரும் வேலைகளில் ஒரு பாதிக்கு உங்கள் பெயரே பொய் சொல்லும். அதைவிட மோசமாக, பெயரைக் காப்பாற்றுவதற்காக ஈரத் தாளை வெட்டுவீர்கள், ப்ரூஃப் பார்க்காமல் ஓட்டுவீர்கள், தரம் போகும். வேகத்தைப் பெயரில் வைத்த கடைகளில் தரம் குறைவாக இருக்கும் என்று ஜனங்கள் நினைப்பது இதைப் பார்த்துத்தான். ஸ்பீடு, குயிக், எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட் என்று எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு முதலில் தோன்றுவது பக்கத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசும் ஜெராக்ஸ் கடை. 300 ஜிஎஸ்எம் போர்டில் வெல்வெட் லேமினேஷன் போட்ட கார்டுக்கு அந்தக் கடையில் யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள்.

சட்டமும் அந்தச் சொற்களுக்குத் துணை நிற்காது. 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம் பிரிவு 9, பொருளின் தரத்தையோ வகையையோ வெறுமனே சொல்லும் சொல்லைத் தனியொருவர் பெயரில் பொதுவாகப் பதிவு செய்ய விடாது. குவாலிட்டி, எக்ஸ்பிரஸ், பிரின்ட் மூன்றும் அந்த வகை. நீங்கள் நல்ல பெயர் எடுத்த பிறகு எதிர்த்த வரிசையிலேயே ஒருவர் ‘நியூ’ என்று முன்னால் போட்டு அதே பெயரில் கடை திறந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ‘ஜெராக்ஸ்’ என்ற சொல்லைப் பெயருக்குள் சேர்க்கவே வேண்டாம், நாம் எல்லோரும் பேச்சில் புழங்கினாலும் அது ஒரு கம்பெனியின் பதிவுபெற்ற பெயர்.

சரி, பாட்டி பெயருக்கு வருவோம். கடிதத்தில் அதை எழுதியிருக்கிறீர்கள், வெளியிட வேண்டாம் என்று கேட்டதால் இங்கே போடவில்லை. மூன்றெழுத்து, புள்ளி ஒன்றுகூடக் கிடையாது, கிரந்த எழுத்து கிடையாது, ழகரம் கிடையாது. இதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை. ழகரம் இருந்தால் ஆங்கிலத்தில் ஒருவர் zh போடுவார், ஒருவர் l போடுவார், இன்னொருவர் y போடுவார், மெயிலில் அனுப்பிய ஃபைல் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். உங்கள் பாட்டி பெயரை எழுத ஒரே வழிதான். சித்தூர்க்காரர் தெலுங்கில் சொன்னாலும், சி.எம்.சி.க்கு வந்திருக்கும் வங்காளத்துக்காரர் சொன்னாலும், ஹாஸ்டலில் இருக்கும் பீகார் பையன் சொன்னாலும் கொஞ்சம் முன்னே பின்னே அதே மாதிரிதான் வரும். மெஷின் ஓடும் சத்தத்தில் போனை எடுத்துச் சொன்னாலும் மறுமுனையில் "என்ன பேரு?" என்று இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்கும் ஆகும், கண்ணீர் அஞ்சலிக்கும் ஆகும், எந்தக் கட்சியும் அதில் இல்லை.

அது பழசாகத் தெரிகிறது என்கிறீர்கள். அச்சுத் தொழிலில் பழசுதான் தரம் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, தம்பி. முப்பது வருஷமாக வேலூர்க் கடைகளின் பில் புக்கில், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸில், பள்ளிக்கூட ரசீதில் அந்தப் பெயர் அடிவரியாக விழுந்துகொண்டிருக்கிறது. ‘குவாலிட்டி’ என்று எட்டடிக்குப் பலகை வைத்தாலும் அந்த நம்பிக்கையை உங்களால் வாங்க முடியாது. பழசாக இருப்பது பெயர் இல்லை, அதை எழுதியிருக்கும் விதம். அப்பாவின் பலகையை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் காலத்துப் பலகைகளில் எழுத்துக்கு நிழல் கொடுத்து, மூலைக்கு மூலை தாமரையும் மயிலும் வைத்து எழுதுவார்கள். அதை எடுத்துவிட்டு, தடிமன் ஒரே சீராக உள்ள ஒரு தமிழ் எழுத்துருவில், வெள்ளைப் பின்னணியில் ஒரே நிறத்தில் எழுதிப் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு சின்னச் சொல்லை அதன் பக்கத்தில் வைக்கலாம். நான் சொல்வது ‘கையோடு’. "கையோட முடிச்சுக் குடுத்துடுங்க" என்றுதான் நம் ஊரில் ஆட்கள் கவுன்டரில் வந்து கேட்கிறார்கள், நீங்களே கேட்டிருப்பீர்கள். வந்த கையோடு வாங்கிப் போகலாம் என்பது அதில் இருக்கிறது, ஆனால் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்ற வாக்கு இல்லை. பாட்டி பெயர் பெரிதாக, அதன் கீழே ‘கையோடு’, அதன் கீழே டிஜிட்டல் பிரின்ட். அப்பா கடையில் பாட்டி பெயரும் அச்சகம் என்ற சொல்லும் அப்படியே இருக்கட்டும். இப்படிப் பிரித்தால் ஆட்களுக்கும் குழப்பம் இருக்காது, போனில் "கையோடு கடையா, அச்சகமா" என்று கேட்டாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஆஃப்செட் வேலையை காட்பாடியில் வாங்கி அப்பாவிடம் அனுப்பும்போதும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள், ‘கையோடு’ பலகைக்கும் பில்லுக்கும் கவருக்கும் மட்டும். நோட்டீஸ், போஸ்டர் அடிவரியில் பாட்டி பெயர், காட்பாடி, செல் நம்பர், இவ்வளவுதான். முப்பது எழுத்துக்குள் முடிந்துவிடும், யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். தேர்தல் வேலையில் மட்டும் எந்தக் கடையில் அடித்தீர்களோ அந்தக் கடையின் முழு முகவரியும் போட வேண்டும், அப்பா மெஷினில் ஓடிய போஸ்டருக்கு காட்பாடி முகவரியைப் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பதைப் பெயரில் சொல்லாமல் கவுன்டருக்குப் பின்னால் ஒரு தாளில் ஒட்டுங்கள், அங்கே மணிக்கணக்கு போடலாம், மழைக்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம், மெஷின் சர்வீஸுக்கு நின்றால் கிழித்துவிடலாம். விசிட்டிங் கார்டு 100 என்றால் ஒரு மணி நேரம், ஸ்பைரல் அரை மணி, ஹார்ட் பைண்டிங் மறுநாள் மாலை, பில் புக் மூன்று நாள், இப்படி நீங்கள் தவறாமல் காப்பாற்றக்கூடிய நேரத்தை மட்டும் எழுதுங்கள். தலைப்பில் பெரிதாக ‘ஃபைல் ஓகே சொன்ன நேரத்திலிருந்து’ என்று போடுங்கள், ஏனென்றால் சண்டையெல்லாம் அந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகிறது. ஓகே வாயால் வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள், நேரம் அதிலேயே பதிவாகிவிடும். இதே பட்டியல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் இருக்கட்டும், ‘கையோடு’ புரியாதவர்களுக்கு இதுதான் சொல்லும்.

பலகையில் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும், மற்ற மொழி அதற்குக் கீழே, அது கடைகள் நிறுவனங்கள் விதி. ஜிஎஸ்டி பதிவு எடுத்தால் அந்த எண்ணும் வாசல் பலகையில் வர வேண்டும், டிசைன் பண்ணும்போதே ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள், பிறகு ஸ்டிக்கராக ஒட்டினால் அச்சகக்காரன் பலகைக்கே அசிங்கம். கூகுள் மேப்பில் பலகையில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள். சிலர் பெயரோடு Best, Cheap, Flex, Near VIT என்று வாலாகச் சேர்க்கிறார்கள், கூகுள் விதிப்படி அது தவறு, யாராவது புகார் கொடுத்தால் பக்கமே முடங்கலாம், சேர்த்து வைத்த ரிவ்யூவும் அதோடு மறையலாம். என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்பதற்கு அங்கே தனி இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பாட்டி பெயர் யாருடையது? இப்போது அது அப்பாவின் வியாபாரப் பெயர். நீங்கள் உங்கள் பான் எண்ணில் தனிக்கடையாகத் திறந்து அதே பெயரைப் பயன்படுத்தினால், இன்றைக்குப் பிரச்சினை இல்லை, அப்பாவுக்குப் பிறகு நீங்கள் கடிதத்தில் சொன்ன அக்காவோ அவர் பிள்ளைகளோ அச்சகத்தை எடுத்து நடத்தும்போது பெயர் யாருக்கு என்ற கேள்வி வரும். நம் பக்கத்தில் பிரியாணிக் கடையில், நகைக்கடையில், அச்சகத்தில் எத்தனை ‘ஒரிஜினல்’, எத்தனை ‘பழைய’ என்று பார்க்கிறீர்கள் அல்லவா, அதில் நிறைய இப்படி ஆரம்பித்தவைதான்.

அதனால் அப்பாவை ஒரு ஒப்புதல் கடிதம் எழுதச் சொல்லுங்கள், டிஜிட்டல் வேலைக்கு காட்பாடிக் கடையில் நீங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம், அச்சகம் என்ற சொல்லோடு சேர்ந்த பெயர் அவரிடமே இருக்கும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். வணிகச் சின்னம் பதிவு செய்வதானால் அச்சு வேலைக்கு வகுப்பு 40, தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு கிடைத்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும். விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ காதுக்கு அதே மாதிரி ஒலிக்கும் பெயரோ வகுப்பு 40இலும் 16இலும் இருக்கிறதா என்று தேடுங்கள், தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பாட்டி பெயர் பலருக்கும் இருக்கும் பெயர் என்பதால் தனியாகக் கேட்டால் தடை வரலாம், ‘கையோடு’வும் எழுத்து வடிவமும் சேர்ந்த முழுச் சின்னமாகக் கேளுங்கள்.

பலகைக்கு அடுத்த வாரம் ஆர்டர் கொடுக்க வேண்டாம். இந்த வாரம் அடிவரியை அப்பா மெஷினில் ஓட்டிப் பாருங்கள், தேடலை முடியுங்கள், கடிதத்தில் அப்பா கையெழுத்தும் அக்கா கையெழுத்தும் வாங்குங்கள். பலகை அதற்குப் பிறகு.